கோயிலுக்கு வரும் சுற்றுப்பயணிகளுக்கான அறிவிப்புப் பலகை: உடை, படம் எடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு ஜார்ஜ் டவுன் பக்கமுள்ள கோயில்களில் வாசலில் நிற்கும் தொண்டர்களும், பலகை எழுத வேண்டிய பொறுப்பு தலையில் விழுந்த நிர்வாகக் குழுவினரும் கேட்ட கேள்விகள் இவை. பெரிய கோயில், சின்னக் கோயில் என்ற வேறுபாடு இதில் அதிகம் இல்லை.

வாசலில் நாங்கள்தான் நிற்கிறோமே, வாயால் சொன்னால் போதாதா?

நிற்கும்போது போதும். ஆனால் மத்தியானம் நடை சாத்தப்போகும் நேரத்தில் ஒரே ஆள் விளக்கையும் பார்த்துக்கொண்டு, அர்ச்சனைச் சீட்டும் கிழித்துக்கொண்டு இருப்பார். அவர் நிமிர்வதற்குள் நான்கு பேர் செருப்போடு கொடிமரத்தடியில் நிற்பார்கள். அப்புறம், வாயால் சொல்லும்போது ஒருவர் மட்டும் எல்லார் முன்னாலும் நிறுத்தப்படுகிறார். நல்ல வார்த்தையாகவே சொன்னாலும் அவருக்கு முகம் சுருங்கிவிடும். பலகை யாரையும் தனியாக நிறுத்துவதில்லை. தொண்டரும் பலகையைக் காட்டிச் சிரித்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

கோயில் என்று பார்த்தாலே தெரிகிறதே, ஏன் செருப்போடு உள்ளே வருகிறார்கள்?

அவர்கள் நடந்து வந்த தெருவைப் பாருங்கள். வழிகாட்டியோடு வருபவர்கள் பெரும்பாலும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தொடங்கி, குவான் யின் அம்மன் கோயில், குயின் தெரு மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என்று ஒரே காலையில் பார்த்துவிடுகிறார்கள். எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. தேவாலயத்தில் செருப்பைக் கழற்றத் தேவையில்லை. சீனக் கோயிலிலும் செருப்போடுதான் போனார்கள், ஊதுவத்திப் புகையைப் படம் எடுத்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஐந்து நிமிடத்தில் நம் வாசல். முந்தைய இடத்தின் பழக்கம் இன்னும் காலில்தான் இருக்கும். அவர்கள் மரியாதை இல்லாமல் வருகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு எதிர்த்திசையில் வருபவர்கள் செருப்பைத் தாங்களாகவே கழற்றிவிட்டு, 'அங்கி எங்கே வாங்குவது?' என்று கேட்டுக்கொண்டு வருவதையும் பார்க்கலாம். அங்கே அங்கி கொடுத்துதான் உள்ளே விடுகிறார்கள்.

ஆகவே பலகையின் முதல் வேலை, இங்கே வழக்கம் வேறு என்று சொல்வது. அதைச் செருப்பு கழற்றும் இடத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். மண்டபத்துத் தூணில் ஒட்டிய பலகையைப் படிக்கும்போது ஆள் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டார்.

எங்கள் பழைய பலகையில் 'தடை', 'மீறுவோர் வெளியேற்றப்படுவர்' என்று இருக்கிறது. அதில் என்ன தப்பு? எப்படி மாற்றி எழுதுவது?

சட்டப்படி தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அது வேலை செய்வதில்லை. பழைய பலகைகள் பல ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: 'எச்சரிக்கை. அரைக்கால் சட்டை, கையில்லாச் சட்டை அணிந்தோர் உள்ளே வரக்கூடாது. படம் எடுக்கத் தடை. மீறுவோர் வெளியேற்றப்படுவர்.' இதைப் படிக்கும் ஒருவர் அரைக்கால் சட்டையில் நிற்கிறார் என்று வையுங்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பலகை சொல்லவில்லை. திரும்பிப் போவார், அல்லது யாரும் பார்க்கவில்லை என்று உள்ளே வருவார். கோபுரத்தைப் படம் எடுக்கலாமா என்றும் அவருக்குத் தெரியாது. பத்துப் பேர் கோபுரத்தை எடுப்பதைப் பார்த்ததும், 'இந்தப் பலகையை இவர்களே மதிப்பதில்லை போலும்' என்று எண்ணிக் கருவறையையும் எடுத்துவிடுவார். எல்லாவற்றையும் தடுக்கும் பலகை கடைசியில் எதையும் தடுப்பதில்லை.

மாற்றி எழுதியது இது. உங்கள் கோயில் அமைப்புக்கு ஏற்ப இடங்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்:

> வணக்கம். எங்கள் அம்மன் கோயிலுக்கு வருக. இங்கே நாள்தோறும் பூசை நடக்கிறது.
>
> காலணிகளை இடப்புறம் உள்ள அடுக்கில் வைத்துவிட்டு வாருங்கள்.
>
> இங்கு வரும் எல்லாரும் தோளும் முழங்காலும் மூடியபடி உடுத்துகிறோம். தேவைப்பட்டால் பக்கத்தில் உள்ள கைலியையும் சால்வையையும் எடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். கட்டணம் இல்லை.
>
> கோபுரத்தையும் முன்மண்டபத்தையும் தூண்களையும் தாராளமாகப் படம் எடுக்கலாம். கருவறையில் உள்ள அம்மனை நேரில் கண்டு வணங்குவதே எங்கள் வழக்கம். அதனால் கருவறையை நோக்கி, தொலைவில் இருந்தும் படம் எடுக்க வேண்டாம். மஞ்சள் கோட்டைத் தாண்டியதும் கேமராவையும் கைபேசியையும் தாழ்த்திவிடுங்கள்.
>
> மணி அடித்தால் பூசை நடக்கிறது என்று பொருள். நடுவழியை விட்டு ஓரமாக நின்று பாருங்கள்.
>
> வழிபடுகிறவர்களைப் படம் எடுக்கும் முன் அவர்களிடம் கேளுங்கள்.

இதில் 'தடை' என்ற சொல்லே இல்லை. ஆனாலும் பழைய பலகையைவிட இது கறாரானது. கோடு எங்கே, எதை நோக்கி, எப்போது என்று மூன்றும் தெளிவாக இருக்கின்றன. எடுக்கக் கூடாதது வருவதற்கு முன் எடுக்கலாம் என்பது வருகிறது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். எடுக்க இடம் உண்டு என்று தெரிந்தவர், எடுக்கக் கூடாத இடத்தில் மனத்தாங்கல் இல்லாமல் கையை இறக்கிவிடுவார். காரணம் ஒரே வாக்கியத்தில் இருக்கிறது. ஆகமம், பிராணப் பிரதிஷ்டை என்று ஒரு பத்தி எழுதலாம் என்று குழுவில் யாராவது சொல்வார்கள். அன்போடு மறுத்துவிடுங்கள், வெயிலில் நின்று அதைப் படிக்க ஆள் இல்லை.

'எல்லாரும் உடுத்துகிறோம்' என்ற வரியைப் பற்றி அடுத்த கேள்வியில் சொல்கிறோம்.

நம் பிள்ளைகளே அரைக்கால் சட்டையில் வருகிறார்கள். வெள்ளைக்காரரிடம் மட்டும் எப்படிச் சொல்வது?

சொல்ல முடியாது. சொன்னால் அவர் சுற்றிலும் பார்ப்பார். காற்பந்து ஜெர்சியும் அரைக்கால் சட்டையுமாக நம் பையன் ஒருவன் விபூதி பூசிக்கொண்டு நிற்பான். அந்த இடத்திலேயே பலகையின் மதிப்பு போய்விடும். விதி ஒன்றாக இருந்தால்தான் அதை மரியாதையாகச் சொல்ல வாய் வரும். முதலில் நம் குடும்பங்களுக்கு வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சொல்லுங்கள், ஒரு மாதம் கழித்துப் பலகையை மாட்டுங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் விதி ஒன்றே என்பதையும் படத்தில் காட்டுங்கள். பல பலகைகளில் பெண்ணின் படம் மட்டும் போட்டுச் சிவப்புக் கோடு இழுத்திருக்கிறார்கள். கையில்லாப் பனியனோடு வரும் ஆண் அதைப் பார்த்து, தனக்கு இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்.

கிழிந்த ஜீன்ஸ், உடம்போடு ஒட்டிய கால்சட்டை, இதையெல்லாம் பட்டியல் போட வேண்டாமா?

வேண்டாம். பட்டியல் போட்டால் பட்டியலில் இல்லாதது ஒன்று நாளைக்கு வரும். தோளும் முழங்காலும் என்றால் யாருக்கும் புரியும், எந்த மொழியிலும் படமாக வரையலாம், தொண்டரும் வாசலில் நின்று வாதாட வேண்டியதில்லை. முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ் போட்டு வந்தால் ஒரு கைலியை நீட்டுங்கள். ஒட்டிய கால்சட்டை முழங்காலை மூடியிருந்தால் விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. உங்கள் குழு வேறு மாதிரி நினைத்தால் அதற்கும் கைலிதான் வழி.

தொப்பி, தலைத்துணி?

தொப்பியைக் கழற்றச் சொல்லலாம். தூடோங் அணிந்து வரும் பெண்ணிடமோ, டர்பன் கட்டிய சீக்கியரிடமோ அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். பலகையிலும் தலையைப் பற்றி எழுதாமல் விட்டுவிடுவது நல்லது.

கைலி வாங்கி வைக்கலாம் என்று இருக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

மூட்டிய கைலி வேண்டாம். கைலி கட்டிப் பழக்கம் இல்லாதவருக்கு அதை இடுப்பில் நிறுத்தத் தெரியாது. இரண்டு அடி நடந்ததும் கையால் பிடித்துக்கொள்வார், அப்புறம் கற்பூர ஆரத்தியைத் தொட்டு ஒற்றிக்கொள்ளக் கை இருக்காது. பருமனான ஆண்களுக்கு மூட்டிய கைலி சுற்றளவும் பற்றாது. மூட்டாத துணியாக வாங்கி, இரண்டு முனையிலும் நாடா வைத்துத் தைத்துவிட்டால் ஒரே சுற்றில் கட்டி முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம், எந்த உடம்புக்கும் சரியாக வரும். நீளமும் முக்கியம். உயரமானவர் கட்டினால் முழங்காலுக்கு மேல் நிற்கக் கூடாது.

நம்மூர் வெயிலில் ஒருவர் பத்து நிமிடம் கட்டினாலே துணி வியர்வையில் நனைந்துவிடும். ஈரத் துணியை மடித்துப் பெட்டியில் போட்டால் மறுநாள் காலையில் வாடை தூக்கும், அதை யாரும் தொடமாட்டார்கள். பயன்படுத்தியதைப் போட ஒரு கூடை, துவைத்ததை மாட்ட ஒரு கொடி, இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். மாற்றித் துவைக்க இரண்டு தொகுதி இருந்தால் சமாளிக்கலாம். நிறம் ஒரே மாதிரி, கொஞ்சம் கண்ணில் படும்படி இருந்தால் தெருவில் கட்டிக்கொண்டு போனாலும் தெரியும். மறதியில் போகிறவர்கள்தான் அதிகம்.

முன்பணம் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். பத்துமலைப் படிக்கட்டு அடியில் துணி வாடகைக்குக் கொடுக்கிறார்கள், அங்கே வரும் கூட்டத்துக்கு அது தேவைதான். தெருக்கோடியில் உள்ள கோயிலில் முன்பணம், சில்லறை, ரசீது என்று ஆரம்பித்தால் அதற்கென்று ஓர் ஆள் உட்கார வேண்டும். இரண்டு மூன்று துணி போனால் போகட்டும்.

உள்ளே படம் எடுக்காதீர்கள் என்றால் வாசலில் நின்றே ஜூம் பண்ணி மூலவரை எடுத்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

இது நம் கோயில் கட்டட அமைப்பிலேயே உள்ள சிக்கல். ராஜகோபுர வாசல், பலிபீடம், கொடிமரம், வாகனம், கருவறை எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி கட்டுகிறோம். தெருவில் போகிறவரும் நின்று கும்பிட முடிய வேண்டும் என்பதே இதன் பயன். அந்தக் கோட்டில் கண் போகும்போது கேமராவும் போகும். இப்போதைய கைபேசி வாசற்படியில் இருந்தே விளக்கொளியில் அம்மன் முகத்தை எடுத்துவிடும். எடுத்தவர் பலகையை மீறவும் இல்லை, அவர் 'உள்ளே' இல்லையே.

அதனால் 'உள்ளே' என்று எழுதுவதை விட்டுவிட்டு, 'கருவறையை நோக்கி' என்று எழுத வேண்டும். கருவறை என்றால் என்ன என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. பலகையில் கோயிலின் தரைப்படத்தை எளிதாக வரைந்து, அந்த நேர்கோட்டைப் பட்டையாகச் சாயம் தீட்டிக் காட்டுங்கள். பட்டைக்கு இருபுறமும் ஒரு சின்னக் கேமரா படம். படத்தைப் பார்த்ததும் ஆள் தானாகவே ஓரமாக நகர்ந்து கோபுரத்தையும் தூண்களையும் எடுப்பார். நல்ல படம் எடுப்பவருக்கும் அந்தக் கோணம்தான் பிடிக்கும், நடுவில் நின்றால் தலைகளாகத்தான் விழும்.

தரையில் ஒரு கோடும் போடுங்கள். மகாமண்டபத்துக்கு ஏறும் படிக்கு முன் மஞ்சள் கோடு, பக்கத்தில் கைபேசியைத் தாழ்த்திய ஒரு கையின் படம். அறிவிப்பைப் படிக்காமல் வந்தவரும் காலடியில் பார்ப்பார். தொண்டருக்கும் சுலபம்: 'கோடு வரை எடுக்கலாம்' என்று சொன்னால் அனுமதி கொடுத்த மாதிரி இருக்கும்.

உற்சவர் புறப்பாடு வேறு விஷயம். அம்மனே தெருவுக்கு வந்து எல்லாருக்கும் காட்சி தருகிறாள். அதை எடுப்பதில் பெரும்பாலான கோயில்களுக்கு ஆட்சேபம் இல்லை. பலகை 'கருவறையில் உள்ள அம்மன்' என்று சொல்வது இதனால்தான். பொத்தாம்பொதுவாக 'சாமி படம் கூடாது' என்று எழுதினால் திருவிழா அன்று நம் ஆட்களே பலகையின் கீழ் நின்று எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

தீபாராதனை நேரத்தில்தான் எல்லாரும் கைபேசியைத் தூக்குகிறார்கள். அதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

சுற்றுப்பயணி நம் கோயிலுக்கு வரும் முன் இப்படி ஒன்றைப் பார்த்திருக்க மாட்டார்: அலங்காரம் நடக்கும்போது திரை போட்டிருக்கும், எல்லாரும் காத்திருப்பார்கள். திரை விலகும், மணி அடிக்கும், நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும், கை எல்லாம் தலைக்கு மேலே கூடும். இப்படி ஒன்றை முதல்முறை பார்ப்பவருக்குக் கைபேசியைத் தூக்காமல் இருப்பது கஷ்டம்தான்.

அதனால்தான் பலகையில் நேரத்தை எழுதாமல் மணியைச் சொன்னோம். பூசை நேரம் நல்ல நாட்களில் மாறும், மணி மாறாது, அதற்கு மொழியும் வேண்டாம். திரை போட்டிருக்கும் நேரம் தொண்டருக்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு. பின்னால் நிற்கும் வெளியூர்க்காரரிடம் போய், 'இன்னும் சற்று நேரத்தில் திரை விலகும், இந்தப் பக்கம் வந்து நின்றால் நன்றாகத் தெரியும், அப்போது மட்டும் கைபேசி வேண்டாம்' என்று சொல்லி நல்ல இடமாகக் காட்டி நிறுத்துங்கள். இப்படி அழைத்து நிறுத்தப்பட்டவர் கையைத் தூக்குவது அபூர்வம். திரை விலகிய பிறகு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னால், நாம்தான் கும்பிடுகிறவர்களுக்கு இடைஞ்சல்.

ஃபிளாஷைப் பற்றித் தனியாக ஒரு வரி வேண்டுமா என்றால், முன்மண்டபத்துக்கு வேண்டும். இருட்டில் கண்மூடி நிற்பவர் முகத்தில் அடிக்கும் வெளிச்சம் யாருக்கும் பிடிக்காது.

கும்பிடுகிறவர்களைப் படம் எடுக்கிறார்கள். தடுக்க நமக்கு உரிமை உண்டா?

எடுக்கப்படுகிறவருக்குத்தான் முதல் உரிமை. பலகை அவர் பக்கம் நிற்க வேண்டும். ஒரு பெண் அம்மன் முன்னால் அழுதுகொண்டிருக்கலாம். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஆளுக்காக வந்திருப்பார். அந்தப் படம் ஊர் பேர் தெரியாதவரின் சமூக ஊடகப் பக்கத்தில் 'வண்ணமயமான மலேசியா' என்று போய்ச் சேரக் கூடாது. குழந்தைகளை எடுக்க வேண்டுமானால் பெற்றோரிடம் கேட்க வேண்டும். முடி இறக்கும் இடம், குளித்து உடை மாற்றும் இடம் இரண்டிலும் கேமராவே வேண்டாம், அங்கே மட்டும் பலகையில் 'கூடாது' என்றே எழுதுங்கள்.

எடுத்த படத்தை அழிக்கச் சொல்லலாமா?

கேட்கலாம், ஒரு முறை, காரணத்தோடு. அவர் கைபேசியைத் தொடக் கூடாது, பிடுங்கக் கூடாது, இளைஞர்கள் நான்கு பேர் சூழ்ந்து நிற்கவும் கூடாது. 'ஐயா, அம்மனை நாங்கள் படம் எடுப்பதில்லை, அந்த ஒரு படத்தை அழித்துவிட முடியுமா?' என்று கேட்டால் பலர் உடனே அழித்துக் காட்டுவார்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். அந்தச் சண்டையை யாராவது படம் எடுத்து ஏற்றினால் மூலவர் படத்தைவிட அது வேகமாக ஊர் சுற்றும்.

பலகை எத்தனை மொழியில், எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் நான்கும் வேண்டும். நான்கும் ஒரே பலகையில் நெருக்கினால் எழுத்து எறும்பாகிவிடும். பெரிய படங்கள் மேலே, கீழே மொழிக்கு ஒரு பத்தி. பத்தடி தூரத்தில் இருந்து சிரமமில்லாமல் படிக்கத் தலைப்பு எழுத்து ஓர் அங்குல உயரமாவது இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பை அந்த மொழியைத் தினமும் பேசுகிற ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். 'தயவுசெய்து' என்பது ஒரு மொழியில் மட்டும் விட்டுப்போனால் அந்த மொழிக்காரர் தம்மை மட்டும் அதட்டியதாக நினைப்பார்.

இன்னொன்று: வெயில் நேரடியாக விழும் இடத்தில் சாதாரண அச்சில் சிவப்புதான் முதலில் வெளுக்கும். கேமரா படத்தின் மேல் இழுத்த சிவப்புக் கோடு சில மாதங்களில் காணாமல் போய், கறுப்புக் கேமரா மட்டும் பளிச்சென்று நிற்கும். பார்ப்பவர்கள் 'இங்கே நின்று படம் எடுங்கள்' என்று புரிந்துகொண்டு வரிசையாக நின்று எடுப்பார்கள். பலகையைக் கூரைக்கு அடியில் மாட்டுங்கள், தடைக் கோட்டைக் கறுப்பில் போடுங்கள்.

தைப்பூசத்துக்கு இதே பலகை போதுமா?

போதாது. அன்று பலகையைப் படிக்க ஆள் நிற்கவே முடியாது. தண்ணீர்மலை வழியெங்கும் தண்ணீர்ப் பந்தலில் நிற்பவர்கள்தான் பலகை. அவர்களுக்கு மூன்று விஷயம் சொல்லிக்கொடுத்தால் போதும். காவடி எடுப்பவருக்கு எதிரே பின்னோக்கி நடந்துகொண்டு படம் எடுப்பவரை ஓரத்துக்கு அழைக்க வேண்டும். அருள் வந்து ஆடுகிறவருக்கு முன்னால் இருப்பது தெரியாது, இருவருமே விழுவார்கள். படம் எடுக்க அனுமதி கேட்க வேண்டுமானால் காவடி எடுப்பவரிடம் கேட்கக் கூடாது, கூட வரும் குடும்பத்தாரிடம் கேட்க வேண்டும். ரதத்துக்கு முன் தேங்காய் உடைக்கும் இடத்தில் தெருவில் இறங்கி நிற்பவர்களையும் பின்னால் வரச் சொல்லுங்கள், ஓடு தெறித்துக் காலைக் கிழிக்கும்.

கல்யாண ஜோடிகள் படம் எடுக்க வருகிறார்கள், சிலர் டிரோனும் கொண்டுவருகிறார்கள்.

இரண்டுக்கும் பலகையில் தனித்தனி விதி எழுத வேண்டாம். 'முக்காலி, விளக்கு, டிரோன் வைத்துப் படம் எடுப்பவர்கள் முன்கூட்டியே அலுவலகத்தில் எழுதிக் கேட்கவும்' என்று ஒரு வரி போதும். டிரோனுக்குக் கோயிலின் சம்மதம் மட்டும் போதாது, பறப்பதற்கான அரசு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஜோடிகளுக்கு நடை சாத்தியிருக்கும் மத்தியான நேரத்தில் வெளிப்பிராகாரத்தைக் கொடுக்கலாம். உடை விதி அவர்களுக்கும் உண்டு என்பதை முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள், தோள் தெரியும் கவுனில் வந்து இறங்கிய பிறகு சொன்னால் கைலி உதவாது.